டோக்கியோவில் அம்மாவுக்குச் சைவச் சாப்பாடு: மெனு படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டோக்கியோவில் இறங்கிய முதல் நாள் மதியம், அம்மாவை ஒரு சின்ன உடோன் கடைக்குக் கூட்டிப்போனேன். வாசலில் இருந்த படத்தில் தடித்த நூடுல்ஸ், மேலே பூசணி பஜ்ஜி, கத்தரிக்காய் பஜ்ஜி. கடைக்காரரிடம், மனப்பாடம் செய்து வைத்திருந்த "நிகு நாஷி" என்ற இரண்டு சொல்லைச் சொன்னேன். இறைச்சி வேண்டாம் என்று பொருள். அவர் சிரித்துத் தலையாட்டினார். கிண்ணம் வந்தது. அம்மா அதை முகத்தருகே கொண்டுபோய் அப்படியே நிறுத்திவிட்டார். "என்னடா, கருவாட்டு வாசனை அடிக்குது" என்றார்.

அவர் சொன்னது சரி. அந்த நூடுல்ஸ் மிதந்த சாறு மீனில் செய்தது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, நான் கேட்ட கேள்விதான் தப்பு. அன்று அம்மா இரண்டு வாழைப்பழத்தோடு படுத்தார். அறுபது வயது தாண்டியவரைப் புது ஊரில் பட்டினி போட்ட அந்த இரவை நான் மறக்கவில்லை. அடுத்த ஒன்பது நாளில் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். அம்மா அப்பாவையோ மாமியாரையோ ஜப்பானுக்கு அழைத்துப்போகிறவர்கள் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே படித்துவிடுங்கள். சில வேலைகளுக்கு அவ்வளவு நாள் தேவைப்படும்.

## 1. சாப்பிடப்போகிறவரிடம் முதலில் கேட்டு எழுதுங்கள்

"சைவம்" என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். வீட்டில் அது போதும், வெளிநாட்டில் போதாது. அங்கே ஒவ்வொரு தட்டிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். பசியோடு நிற்கும்போது நடுத்தெருவில் அந்த விவாதம் வேண்டாம்.

அம்மாவிடம் நான் கேட்டது ஐந்தே கேள்வி. முட்டை சேர்ந்த ரொட்டி, கேக் சரியா? பால், தயிர், சீஸ் சரியா? வெங்காயம் பூண்டு சரியா? மீன் வறுத்த அதே எண்ணெயில் பொரித்த காய் சரியா? மீன் சாற்றில் வேகவைத்து, மீன் துண்டு எதுவும் இல்லாத காய் சரியா?

அம்மாவின் பதில்: முட்டை வேண்டாம், பால் வேண்டும், வெங்காயம் பூண்டு பரவாயில்லை, கடைசி இரண்டும் கூடவே கூடாது. உங்கள் வீட்டுப் பதில் வேறாக இருக்கும். சிலர் எண்ணெய் விஷயத்தில் விட்டுக்கொடுப்பார்கள். அப்படியானால் காயையும் மீனையும் மாவில் தோய்த்துப் பொரிக்கும் டெம்புராக் கடைகள் உங்களுக்குத் திறந்துகொள்ளும். எதுவானாலும் சாப்பிடுகிறவரே சொல்லட்டும், நீங்கள் முடிவு செய்யாதீர்கள். "தெரியாமல் சாப்பிட்டால் தோஷமில்லை" என்று சொல்லி ஊட்டிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது அவர்களுடைய நம்பிக்கையை ஏமாற்றுவது.

## 2. பிரச்சினை இறைச்சி இல்லை, தாஷி

ஜப்பானியச் சமையலில் நம் ரசத்துக்குப் புளித்தண்ணீர் எப்படியோ அப்படி, எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது தாஷி என்ற சாறு. பெரும்பாலும் கட்சுவோபுஷியைச் சீவிப்போட்டு எடுப்பார்கள். கட்சுவோபுஷி என்பது சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, மரக்கட்டைபோலக் காயவைத்தது. தூத்துக்குடிப் பக்கமும் இலங்கையிலும் மாசிக் கருவாடு என்று விற்பார்களே, அதற்கு நெருங்கிய உறவு. அம்மாவின் மூக்கு ஒரு நொடியில் பிடித்தது அதைத்தான்.

இந்தச் சாறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மிசோ சூப்பில் இருக்கும். உடோன், சோபா நூடுல்ஸ் மிதக்கும் சாற்றில் இருக்கும். டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளத் தரும் தண்ணியான குழம்பில் இருக்கும். பொரித்த டோஃபுவின் மேல் ஊற்றுவதிலும், வேகவைத்த கீரை, முள்ளங்கி, கடற்பாசிப் பொரியலிலும் இருக்கும். பார்த்தால் வெறும் காய். சுற்றுலாக்காரர்கள் நம்பிச் சாப்பிடுவதும் இவற்றைத்தான்.

கொம்பு என்ற கடற்பாசியிலும் ஷிட்டாக்கே காளானிலும் எடுக்கும் சைவத் தாஷியும் உண்டு. புத்த மடங்களின் சமையல் அதில்தான் நடக்கிறது. ஆனால் சாதாரணக் கடையில் மீன் கலக்காத தாஷி இருப்பது அபூர்வம்.

"நிகு" என்றால் ஆடு, மாடு, கோழி, பன்றி இறைச்சி மட்டுமே. மீன் அதில் சேராது. "வெஜிடேரியன்" என்று சொன்னால் காய்கறி நிறையச் சாப்பிடுகிறவர் என்று புரிந்துகொள்கிறவர்களும் உண்டு. அதனால் கடையில் "விகன்", அதாவது பால்கூடச் சேர்க்காத சைவம், என்றே சொல்லுங்கள். அதற்கு மீன் சாறும் ஆகாது என்ற பொருள் ஓரளவு பரவியிருக்கிறது. பால் சேர்க்கலாம் என்பதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

## 3. டிக்கெட், அறை, பெட்டி

விமானச் சாப்பாட்டை டிக்கெட் போடும்போதே பதிவு செய்யுங்கள். பட்டியலில் `AVML` என்று இருப்பது பால் சேர்ந்த இந்தியச் சைவம். `VGML` பால்கூட இல்லாதது. பல நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்பு வரை ஏற்கும், சில 48 மணி நேரம் கேட்கும். போகும் பயணத்துக்குப் போட்டால் திரும்பும் பயணத்துக்கும் தானாக விழும் என்று நினைக்காதீர்கள். வழியில் விமானம் மாறினால் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகத் திறந்து பாருங்கள்.

அறை எடுக்கும்போது சமையல் மேடை உள்ள சின்ன அடுக்குமாடி விடுதி கிடைத்தால் அதையே எடுங்கள். கிடைக்காவிட்டால் குளிர்பெட்டியும் சுடுதண்ணீர்க் கெட்டிலும் அறையில் இருக்க வேண்டும், கட்டடத்தில் எங்காவது மைக்ரோவேவ் இருக்க வேண்டும். பல வணிக விடுதிகளில் அது பானம் விற்கும் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் பொதுவாக வைக்கப்பட்டிருக்கும். பதிவு செய்யுமுன் ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள்.

ஊரிலிருந்து சின்ன ரைஸ் குக்கர் எடுத்துப்போகலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். நம் 230 வோல்ட் குக்கரை அங்கே செருகினால், 500 வாட் எடுக்க வேண்டியது 95 வாட் அளவுக்குத்தான் எடுக்கும். ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. தண்ணீர் வெதுவெதுப்பாகும், அரிசி ஊறும், வேகாது. பல விடுதிகளில் அறைக்குள் சமைக்கவும் அனுமதி இல்லை. குக்கரின் எடைக்குப் பொடி எடுத்துப்போங்கள்.

பெட்டியில் எதை வைக்கலாம் என்பதில் கவனமாக இருங்கள். பச்சைக் கறிவேப்பிலை, பச்சை மிளகாய், காய், பழம், பச்சரிசி, வறுக்காத பருப்பு எதுவும் வேண்டாம். தாவரப் பொருளுக்கு ஊரிலேயே தாவர நலச் சான்று வாங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். சில பொருளுக்குச் சான்று இருந்தும் தடை உண்டு. வறுத்து அரைத்த பொடி, எண்ணெயில் வதக்கிய தொக்கு, ஊறுகாய், சுடுதண்ணீர் ஊற்றிச் சாப்பிடும் உப்புமாக் கலவை போன்றவை பக்குவப்பட்டவை. அவற்றைக் கடை உறையோடு, பொருட்பட்டியல் அச்சிட்டபடி எடுத்துப்போனோம், தொந்தரவு இல்லை. சுங்கப் படிவத்தை `Visit Japan Web` தளத்தில் முன்கூட்டியே நிரப்பலாம். சந்தேகமான பொருள் இருந்தால் மறைக்காமல் காட்டிவிடுங்கள்.

பத்து நாளைக்கு ஒருவருக்குப் பருப்புப் பொடி 250 கிராம், புளிக்காய்ச்சல் ஒரு சின்ன பாட்டில், நல்லெண்ணெய் 200 மில்லி, ஊறுகாய், உப்புமாக் கலவை ஆறு பொட்டலம். எங்களுக்கு இதில் மிச்சமே இருந்தது. எண்ணெயும் தொக்கும் சரக்கில் போகும் பெட்டியில்தான் போக வேண்டும். அப்புறம் ஒரு தட்டு, ஒரு கிண்ணம், ஸ்பூன், சின்னக் கத்தி. கத்தியும் அதே பெட்டியில்.

## 4. கையில் ஒரு அட்டை

வாயால் பேசிப் புரியவைக்க முயல வேண்டாம். கீழே இருப்பதைப் போனில் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள், ஒன்றிரண்டு தாளிலும் அச்சடித்துக்கொள்ளுங்கள்.

```
肉、魚、えび、貝、卵を食べません。
かつおだし、煮干しだし、肉のスープ、ラードも食べられません。
野菜、豆腐、きのこ、海藻、牛乳は食べられます。
アレルギーではありません。
食べられる料理はありますか。
ない場合は、遠慮なくおっしゃってください。
```

முதல் வரி: இறைச்சி, மீன், இறால், சிப்பி, முட்டை சாப்பிடுவதில்லை. இரண்டாவது: மீன் தாஷி, இறைச்சி சூப், பன்றிக்கொழுப்பும் ஆகாது. மூன்றாவது: காய், டோஃபு, காளான், கடற்பாசி, பால் ஆகும். நான்காவது: ஒவ்வாமை இல்லை. கடைசி இரண்டு: சாப்பிடக்கூடியது ஏதாவது உண்டா, இல்லாவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள்.

நான்காவது வரியை எடுத்துவிடாதீர்கள். "அலர்ஜி என்று சொன்னால் கவனமாகச் செய்வார்கள்" என்று சிலர் யோசனை சொல்வார்கள். அங்கே ஒவ்வாமையை உயிர் விஷயமாக எடுத்துக்கொள்வதால், சமையலறையில் ஒரே கரண்டி புழங்கும் கடைக்காரர் உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். பொய்யும் சொல்லி, சாப்பாடும் போச்சு.

கடைசி வரி இன்னும் முக்கியம். அங்கே முகத்துக்கு நேராக "இல்லை" என்று சொல்லப் பலர் சங்கடப்படுவார்கள். நீங்களே அதற்கு வழிவிட்டால் நிம்மதியாகச் சொல்வார்கள். இந்த வரியைச் சேர்த்த பிறகு நான்கு கடையில் "மன்னிக்கவும், இல்லை" என்றார்கள். அந்த நான்கு "இல்லை"யும் எங்களுக்கு உதவிதான். கடைக்காரர் பல்லிடுக்கில் காற்றை இழுத்து, தலையைச் சாய்த்து யோசித்தாலும் அது "இல்லை"தான். வற்புறுத்தாமல் நன்றி சொல்லி வெளியே வந்துவிடுங்கள். அட்டையை உட்காருவதற்கு முன், வாசலிலேயே காட்டுங்கள்.

## 5. மூலைக்கடை லேபிளை வாசிப்பது

உணவகத்தில் நீங்கள் ஒருவரின் வார்த்தையை நம்ப வேண்டும். பொட்டலத்தில் எழுத்து இருக்கிறது. 24 மணி நேரமும் திறந்திருக்கும் சின்னக் கடைகளும் சூப்பர் மார்க்கெட்டும்தான் எங்களைக் காப்பாற்றின. மொழி தெரிய வேண்டியதில்லை, பத்துப் பன்னிரண்டு வடிவங்களை அடையாளம் கண்டால் போதும்.

```
肉            இறைச்சி
魚            மீன்
鶏 / チキン    கோழி
豚 / ポーク    பன்றி
牛            மாடு
卵 / 玉子      முட்டை
乳            பால்
かつお / 鰹    சூரை மீன்
だし          தாஷி
エキス        சாரம்
ゼラチン      ஜெலட்டின்
ラード        பன்றிக்கொழுப்பு
```

பொட்டலத்தின் பின்புறம் `原材料名` என்று ஒரு கட்டம் இருக்கும். அதுதான் பொருட்பட்டியல். அதற்குள் இந்த வடிவங்களைத் தேடுங்கள். மாட்டைக் குறிக்கும் எழுத்துக்கு அடுத்து பாலின் எழுத்து வந்து `牛乳` என்று இருந்தால் அது பசும்பால், பயப்பட வேண்டாம். முதல் இரண்டு நாள் நல்ல பால் பாட்டிலையே திருப்பி வைத்துவிட்டு வந்தேன். சாரம் என்ற சொல்லுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கொம்புச் சாரம், ஈஸ்ட் சாரம் சைவம். கோழிச் சாரம், மீன் சாரம் இல்லை. முன்னால் இருப்பது புரியவில்லை என்றால் வைத்துவிடுங்கள்.

பலர் விழும் பெரிய குழி வேறு. பட்டியலின் முடிவில் `一部に…を含む` என்று ஒரு வரி வரும், சில கடைகளில் அழகான படங்களோடு ஒவ்வாமை அட்டவணையும் இருக்கும். முட்டை, பால், இறால், நண்டு, கோழி, பன்றி எல்லாம் அதில் வரும். அதை மட்டும் பார்த்து "சுத்தம்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த ஒவ்வாமைப் பட்டியலில் சூரை மீனே கிடையாது. கானாங்கெளுத்தி உண்டு, சால்மன் உண்டு, தாஷியின் மீன் இல்லை. அட்டவணை முழுக்கக் காலியாக இருக்கும் உணவிலும் மீன் சாறு இருக்கலாம். மேலே உள்ள பொருட்பட்டியல்தான் ஆதாரம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஓனிகிரி என்ற முக்கோணச் சோற்று உருண்டையில் உமே என்ற உப்புப் பிளம் வைத்தது உண்டு. நம் ஊர் ஊறுகாய்போல இருக்கும், எல்லோரும் சைவம் என்று கைகாட்டுவார்கள். அம்மாவுக்கு வாங்கப்போய்த் திருப்பிப் பார்த்தேன். சோறு, பிளம், கடற்பாசித் தாள், உப்பு, அப்புறம் நடுவில் சின்ன எழுத்தில் `かつお`. பிளத்தை மீன் சீவலோடு பிசைந்திருக்கிறார்கள். பக்கத்தில் கொம்பு வைத்தது. அதன் சோயா மசாலாவிலும் மீன் சாரம். மூன்றாவதாக எடுத்தது சேகிஹான் என்ற செம்பயறுச் சோறு. ஒட்டரிசி, சாதா அரிசி, சிவப்புப் பயறு, எள், உப்பு. அவ்வளவுதான். மேலட்டையில் `赤飯` என்று இருக்கும், நிறமும் இளஞ்சிவப்பு. உள்ளே எதுவும் வைக்காத உப்புச் சோற்று உருண்டையும் பெரும்பாலும் சரியாக இருக்கும். அதையும் ஒவ்வொரு கடையிலும் திருப்பிப் பாருங்கள், செய்முறை மாறும்.

காலையில் அம்மா செம்பயறுச் சோற்றை உதிர்த்து, மேலே பருப்புப் பொடியும் ஒரு சொட்டு நல்லெண்ணெயும் விட்டுச் சாப்பிட்டார். "நம்ம கார்த்திகைக் காராமணிச் சாதம் மாதிரி இருக்கு" என்றார். அன்றிலிருந்து காலைச் சாப்பாட்டுக்கு நான் அலையவில்லை.

இரவுக்குத் தயிர் சாதம். பெட்டியில் அடைத்த வெந்த சோறு சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும். ஒன்று 200 கிராம், மைக்ரோவேவில் இரண்டு நிமிடம். `プレーン` என்று எழுதிய, சர்க்கரை போடாத தயிர் 400 கிராம் டப்பாவில் வரும். பழம் போட்ட இனிப்புத் தயிர்களில் ஜெலட்டின் இருக்கலாம், அவற்றை விடுங்கள். ஜப்பானிய அரிசி ஒட்டும், குழையும். நாம் தயிர் சாதத்துக்கு அரிசியைக் குழைய விடுவோமே, அந்தப் பதம் அப்படியே வந்துவிடுகிறது. தயிர் புளிக்காது என்பதுதான் குறை. ஊறுகாய் அதைச் சரிசெய்துவிடும். வெள்ளரிக்காய் நறுக்கிப் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

நட்டோ என்ற புளித்த சோயா அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. உங்களுக்குப் பிடித்தால், கூட வரும் குட்டிச் சாறுப் பொட்டலத்தை ஊற்றாமல் எறிந்துவிடுங்கள். அதில் பெரும்பாலும் தாஷி இருக்கும். வெறும் சோயா சாஸ் வாங்கும்போதும் பெயரில் `だし` இருக்கிறதா என்று பாருங்கள். தாஷி கலந்த சோயா சாஸ் அதே அலமாரியில், அதே மாதிரி பாட்டிலில் நிற்கும்.

## 6. வெளியே ஒரே ஒரு வேளை

மூன்று வேளையும் வெளியே தேடினால் ஊர் பார்க்க நேரமே இருக்காது. காலையும் இரவும் அறையில் முடித்துவிட்டு, மதியம் ஒரு வேளையை மட்டும் முந்தின இரவே இடம் குறித்து வைத்தோம். மதியச் சாப்பாடு பொதுவாக 11 மணி முதல் 2 மணி வரை. பல கடைகள் முடிவதற்கு அரை மணி முன்பே ஆர்டரை நிறுத்திவிட்டு, மாலை 5 வரை மூடிவிடும். 1:45க்கு வாசலில் நின்றால் கிடைக்காது. நாங்கள் 11:30க்கே உட்கார்ந்துவிடுவோம்.

இடம் தேட, சைவ உணவகங்களைக் காட்டும் `HappyCow` என்ற செயலி உதவியது. வரைபடத்தில் `ヴィーガン` என்று ஜப்பானிய எழுத்திலேயே தட்டினால் ஆங்கிலத்தில் தேடுவதைவிட அதிகம் வரும். ஆனால் `対応` என்று பெயருக்குப் பின்னால் வந்தால், கேட்டால் செய்துதருவோம் என்று பொருள். கடை முழுக்கச் சைவம் இல்லை.

எங்களுக்கு நன்றாக அமைந்த முதல் இடம் டோக்கியோ ரயில் நிலையத்துக்குள் இருக்கும் டீஸ் டான்டான். ராமென் என்ற நூடுல்ஸ் சூப், முழுக்க விகன். எள்ளை அரைத்து ஊற்றிய சாறு, அம்மா கிண்ணத்தைக் காலி செய்தார். அது ஜேஆர் என்ற ரயில் நிறுவனத்தின் டிக்கெட் வாயிலுக்கு உள்ளே, கெய்யோ ஸ்ட்ரீட் பகுதியில் இருக்கிறது. ஜேஆர் ரயிலில் வந்து இறங்கினாலோ ஏறப்போனாலோ தனிச் செலவில்லை. வெளியிலிருந்து போனால் சுமார் 150 யென்னுக்கு நடைமேடைச் சீட்டு வாங்க வேண்டும், அது இரண்டு மணி நேரத்துக்குத்தான் செல்லும்.

இரண்டாவது, இந்திய உணவகங்கள். டோக்கியோவில் தெருவுக்குத் தெரு இருக்கும். பலவற்றை நேபாளிகள் நடத்துகிறார்கள். இந்தியில் "ப்யூர் வெஜ்" என்றால் உடனே புரிந்துகொள்வார்கள், அட்டையே வேண்டாம். இரண்டு விஷயம் மட்டும் கேளுங்கள். நான் ரொட்டியின் மாவில் முட்டை உண்டா? பல கடைகளில் உண்டு. காய்க் குழம்பும் கோழிக் குழம்பும் ஒரே அடிக் குழம்பிலிருந்து வருகிறதா? பருப்பும் சோறும் கேட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். தோசை, சாம்பார் ஏக்கம் வந்தால் நிஷிகசாய்க்குப் போங்கள். டோசாய் தடத்தில் இருக்கிறது. இந்தியக் குடும்பங்கள் நிறைய இருப்பதால் மளிகைக் கடையும் உண்டு. ஷின் ஒகுபோ நிலையத்தருகே உள்ள கடைகளிலும் பருப்பு, மசாலா கிடைக்கும். சமையல் மேடை உள்ள அறை எடுத்தவர்கள் பருப்பை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

மூன்றாவது, ஷோஜின் ரியோரி என்ற புத்த மடச் சமையல். இதில் இறைச்சி, மீன் மட்டுமல்ல, வெங்காயம் பூண்டும் சேர்ப்பதில்லை. வெங்காயம் பூண்டு ஒதுக்கும் வீடுகளுக்கு ஜப்பானிலேயே மிகப் பொருத்தமானது இதுதான். கியோட்டோ போனால் தென்ரியூஜி கோயில் வளாகத்தில் ஷிகெட்சு என்ற இடம் இருக்கிறது, மதியம் மட்டும். தோட்ட நுழைவுக் கட்டணம் தனி. சில ஆயிரம் யென் ஆகும், முன்பதிவு செய்துகொண்டு போங்கள். ஆனால் "ஷோஜின்" என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மீன் தாஷி ஊற்றும் உணவகங்களும் உண்டு. கோயிலுக்கு வெளியே என்றால் அட்டையைக் காட்டுங்கள்.

எதுவுமே கிடைக்காத இடத்தில் சோபாக் கடை மட்டும் இருந்தால், ஜாரு சோபா கேட்கலாம். குளிர்ந்த நூடுல்ஸ் மூங்கில் தட்டில் தனியாக வரும், தொட்டுக்கொள்ளும் சாறு தனிக் கோப்பையில் வரும். அந்தக் கோப்பையில்தான் மீன். அதை வேண்டாம் என்று சைகையில் சொல்லிவிட்டு, வெறும் சோயா சாஸும் வசாபியும் கேட்டு வாங்கினோம். ருசி சுமார்தான், வயிறு நிறைந்தது.

## 7. ஒரு நாள் செலவு

அசகுசா பார்த்த நாளில் அம்மாவுக்கு மட்டும் ஆனதை எழுதி வைத்திருந்தேன். காலை செம்பயறு உருண்டை 170, வாழைப்பழம் 60, பால் 130. மதியம் உணவகத்தில் 1,250. மாலை சூப்பர் மார்க்கெட் வாசலில் சூடாக விற்ற சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு 250. இரவு சோறு 180, தயிர் பாதி டப்பா 110, வெள்ளரி 70. மொத்தம் 2,220 யென். கடைக்குக் கடை முன்னே பின்னே இருக்கும். மதியச் சாப்பாடுதான் பாதிக்கு மேல். அதையும் அறையிலேயே முடித்த நாளில் ஆயிரம் யென்னைத் தாண்டவில்லை.

அந்தச் சுட்ட கிழங்கைப் பற்றி ஒரு வார்த்தை. தோலோடு காகிதப் பையில் தருவார்கள், உப்புகூடப் போடாதது. பிய்த்தால் உள்ளே தேன்போல இளகியிருக்கும். மொழி, அட்டை, லேபிள் எதுவும் தேவைப்படாத சாப்பாடு அங்கே இது ஒன்றுதான். குளிர்காலத்தில் சுலபமாகக் கிடைக்கும்.

## 8. ஊர் மாறும் நாள்

புல்லட் ரயிலில் போகும் நாளில்தான் பலரும் பட்டினி கிடப்பார்கள். நிலையத்தில் அடுக்கியிருக்கும் சாப்பாட்டுப் பெட்டிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் மீனோ முட்டையோ இருக்கும். கிளம்ப ஐந்து நிமிடம் இருக்கும்போது லேபிள் வாசிக்க முடியாது. முந்தின இரவே மூலைக்கடையில் இரண்டு செம்பயறு உருண்டை வாங்கிக்கொள்ளுங்கள். உறையில் காலாவதி நாளோடு மணியும் இருக்கும், சாப்பிடும் நேரத்தை அது தாண்டுகிறதா என்று பார்த்து எடுங்கள். குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், சோறு விறைத்துவிடும்.

திரும்பும் விமானத்துக்கு மூன்று நாள் முன்பு பதிவைத் திறந்து `AVML` இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்கு விமான நேரம் மாற்றப்பட்டபோது அது அழிந்துபோயிருந்தது. போன் செய்து மறுபடி போடவைத்தேன். இருந்தும் அம்மா கைப்பையில் கடைசிப் பொட்டலம் உப்புமாக் கலவையை வைத்துக்கொண்டார். விமானத்தில் சுடுதண்ணீர் கேட்டால் தருவார்கள்.